பெரிய ஓட்டலுக்குப் போக முயன்றபோது என் மூன்று எண்களும் பட்ட பாடு

சின்ன ஓட்டலில் ஃப்ரண்ட் ஆபீஸ் மேனேஜராக இருந்துகொண்டு, 200, 300 அறை உள்ள இடத்துக்குப் போக வேண்டும் என்று ரெஸ்யூமேயைத் தட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் ரெஸ்யூமேயின் முதல் பக்கத்தில் மூன்று எண்கள் இருந்தன. ஆக்குபன்சி 91 சதவீதம், விருந்தினர் ரேட்டிங் 8.4, குழுவில் 14 பேர். மூன்றுமே உண்மை. மூன்றுக்கும் கையில் ரிப்போர்ட் இருந்தது. அப்படி இருந்தும் அந்த மூன்று எண்களால்தான் எனக்கு ஒரு வேலை கைநழுவியது, ஒரு சீசன் முழுக்க சம்பளம் இல்லாமல் சேமிப்பைக் கரைத்தேன். எண்ணைப் போடு என்று சொல்லித்தந்தவர்கள் நிறையப் பேர். அந்த எண்ணை எதிரில் இருப்பவர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். நான் இருந்தது 60 அறை ஓட்டல். 300 அறைக்குக் கொஞ்சம் மேல் உள்ள ஓர் ஓட்டலில் அதே பதவிக்கு நேர்காணல் நன்றாகவே முடிந்தது. வாய்மொழியாகச் சரி என்றார்கள். ரெஃபரென்ஸ் விசாரித்துவிட்டுக் கடிதம் அனுப்புகிறோம், சீசன் தொடங்குமுன் சேர்ந்துவிட வேண்டும் என்றார்கள். நோட்டீஸ் காலத்தைக் கணக்குப் பார்த்து ராஜினாமாவைக் கொடுத்தேன். கடிதம் வரவில்லை. திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு போன். "நீங்க 91னு சொல்லியிருக்கீங்க, உங்க ஜெனரல் மேனேஜர் 81னு சொல்றார். இந்த வித்தியாசத்தை எங்களால விளக்க முடியல." அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. பத்து சதவீதம் கூட்டிச் சொன்ன ஆள் என்று அந்தக் கோப்பில் எழுதியிருப்பார்கள் இல்லையா, அதை நினைத்துப் பல இரவு தூக்கம் வரவில்லை. எழுத்தில் கடிதம் கைக்கு வரும்வரை ராஜினாமா கொடுக்காதீர்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சீசன் தேதியைக் காட்டி அவசரப்படுத்தும்போதுதான் அது மறந்துபோகிறது.

அந்தப் பத்து சதவீதம் எங்கே போனது என்று உட்கார்ந்து பார்த்தேன். 30 நாள் உள்ள ஒரு மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 60 அறை, 30 இரவு, ஆக 1,800 அறை-இரவுகள். அந்த ஆண்டு முழுக்க எங்களிடம் குளியலறை புதுப்பிக்கும் வேலை நடந்தது, நாலு நாலு அறையாக மூடி வேலை பார்த்தார்கள். அதாவது மாதம் 120 அறை-இரவு அவுட் ஆஃப் ஆர்டர். எங்கள் சாஃப்ட்வேரின் மேனேஜர் ரிப்போர்ட் அதைக் கழித்துவிட்டு, விற்கக் கிடைத்தது 1,680 என்று எடுத்துக்கொண்டது. ஆள் தங்கிய அறைகள் 1,530. வகுத்தால் 91 வருகிறது. ஆனால் அந்த 1,530-க்குள் காம்ப்ளிமென்ட்ரியாகக் கொடுத்தது 36, டூட்டி மேனேஜர் தங்கும் ஹவுஸ் யூஸ் அறை 30. காசு கொடுத்துத் தங்கியது 1,464 மட்டும். அதை மொத்த 1,800-ஆல் வகுத்தால் 81.3. முதலாளிக்குக் கணக்குக் காட்டும் ஜெனரல் மேனேஜர் பார்ப்பது இந்த 81-ஐ. நான் தினமும் காலையில் பார்த்தது அந்த 91-ஐ. இரண்டும் ஒரே ஓட்டல், ஒரே மாதம்.

ஆகவே ஆக்குபன்சி போடுகிறவர்கள் மூன்று விஷயத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் எண்ணில் இலவச அறைகளும் ஹவுஸ் யூஸும் சேர்ந்திருக்கிறதா, அவுட் ஆஃப் ஆர்டர் அறைகளைக் கீழே கழித்திருக்கிறதா, பகல் நேரத்துக்கு மட்டும் கொடுக்கும் டே யூஸ் அறையை இரண்டு முறை எண்ணுகிறதா. பல சாஃப்ட்வேர்களின் மேனேஜர் ரிப்போர்ட்டில் இந்த வகைகள் தனித்தனி வரியாகவே இருக்கும், நாம் மேலே இருக்கும் பெரிய எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவோம். பெரிய ஓட்டல்களில் பக்கத்துப் போட்டி ஓட்டல்களோடு ஒப்பிடும் சந்தை அறிக்கை வாங்குவார்கள். அதில் வழக்கமாகக் காசு கொடுத்த அறைகளைத்தான் எண்ணுவார்கள், சில நாள் பழுதுக்காக மூடிய அறையைக் கழிக்க மாட்டார்கள். அந்தக் கண்ணோடுதான் உங்கள் 91-ஐப் பார்ப்பார்கள். ரெஸ்யூமேயில் போடும் எண்ணை, உங்களுக்கு ரெஃபரென்ஸ் சொல்லப்போகிறவரிடம் முன்கூட்டியே சொல்லி, இந்தக் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன் என்று ஒருமுறை பேசிவிடுங்கள். பத்து நிமிட வேலை.

அதைவிடப் பெரிய கேள்வி வேறு. அடுத்து நான் போன ஒரு நேர்காணலில் ரெவின்யூ மேனேஜர் உட்கார்ந்திருந்தார். "81 நல்ல நம்பர்தான். இதுல சேல்ஸ் கொண்டுவந்தது எவ்வளவு, ஆன்லைன்ல தானா வந்தது எவ்வளவு, உங்க கவுன்ட்டர் சேர்த்தது எவ்வளவு?" என்றார். வாயடைத்துவிட்டது. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அறையை விற்பது விலையும் சேல்ஸும் சீசனும். ஃப்ரண்ட் ஆபீஸ் கையில் இருப்பது கடைசி மூன்று, நான்கு அறைகள். முழுக்க விற்றுவிட்டதாகக் காட்டும் இரவில் எத்தனை பேர் வராமல் போகிறார்கள், எத்தனை அறை காலியாகவே விடிகிறது, அதுதான் நம் கணக்கு.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் நாங்கள் அதில் உண்மையாகவே ஒரு வேலை செய்திருந்தது நினைவுக்கு வந்தது. முன்பணம் கட்டாத, கார்டு விவரம் கொடுக்காத முன்பதிவுகளைத் தினம் மாலை 4 மணிக்குத் தனியாக எடுத்து, ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுக் கேட்போம். பதில் இல்லையென்றால் 6 மணிக்கு அறையை விடுவித்துவிடுவோம். பழைய பதிவைப் பார்த்து எந்தக் கிழமையில் எத்தனை பேர் வராமல் போகிறார்கள் என்று தெரிந்த பிறகு, அந்தக் கிழமைகளில் மட்டும் இருக்கும் அறைகளைவிட இரண்டு முன்பதிவு கூடுதலாக எடுத்துக்கொண்டோம். அதற்கு முன் ஃபுல் என்று காட்டிய இரவுகளில் சராசரியாக மூன்று அறை சும்மா கிடந்தது. பிறகு ஒன்றாகக் குறைந்தது. இதில் ஆபத்தும் உண்டு. எல்லாரும் வந்துவிட்டால் யாரையாவது வேறு ஓட்டலுக்கு அனுப்ப வேண்டும், வண்டிச் செலவும் அந்த அறை வாடகையும் நம் தலையில், திட்டும் இலவசம். அப்படி அனுப்பியது ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுதான், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேட்பார்கள். 91 என்ற எண்ணைவிட, "மூன்று காலி அறை ஒன்றானது, அதற்கு யாரையெல்லாம் வெளியே அனுப்ப நேர்ந்தது" என்ற இந்தச் சின்னக் கணக்குதான் பிறகு எனக்குக் கதவைத் திறந்தது.

ரேட்டிங் விஷயத்துக்கு வருகிறேன். 8.4 என்பது 10-க்கு. அதை எந்தத் தளத்தில், எத்தனை விமர்சனங்களுக்கு, எந்தக் காலத்துக்கு என்று போடாமல் விட்டால் அது வெறும் அலங்காரம். 5-க்கான மதிப்பெண்ணையும் 10-க்கான மதிப்பெண்ணையும் கலந்து ஒரு சராசரி போட்டு எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன், அதைச் செய்யவே செய்யாதீர்கள். இன்னொன்று, தளத்தில் தெரியும் எண் பழையதையெல்லாம் சுமந்துகொண்டு நிற்கும். 300 பழைய விமர்சனம் சராசரி 8.2-இல் இருக்கிறது, உங்கள் காலத்தில் வந்த 100 விமர்சனம் 9.0 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாகப் பார்த்தால் 8.4 தான் தெரியும். நீங்கள் செய்தது 9.0, வெளியே தெரிவது 8.4. நான் செய்தது போலவே பலரும் இந்த 8.4-ஐ எழுதித் தங்களைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் 9.0 என்று எழுதினாலும் விட மாட்டார்கள். "அதே வருஷம் குளியலறை எல்லாம் புதுசாச்சே, ரேட்டிங் ஏறினது அதனாலயா உங்களாலயா?" இதுவும் எனக்கு நிஜமாகவே விழுந்த கேள்வி. இதற்குப் பதில் அந்தத் தளங்களிலேயே இருக்கிறது. முன்பதிவுத் தளங்கள் பலவற்றில் சுத்தம், வசதி, இடம், பணியாளர்கள் என்று தனித்தனி மதிப்பெண் உண்டு. குளியலறை புதுசானால் சுத்தமும் வசதியும் ஏறும். பணியாளர் மதிப்பெண்தான் நமக்கு நெருக்கமானது, அதுவும் முழுக்க நம்முடையதில்லை, ஹவுஸ்கீப்பிங்கும் உணவகமும் அதில் பங்குதாரர்கள். அதனால் நான் இன்னும் ஒரு படி கீழே இறங்கினேன். வேலை இல்லாத அந்த நாட்களில் இரண்டு ஆண்டுத் தமிழ், ஆங்கில விமர்சனங்களை ஒவ்வொன்றாக வாசித்து, செக்-இன்னில் காத்திருக்க வைத்தார்கள், அறை தயாராக இல்லை, பில் தப்பு என்று எழுதியவற்றை மட்டும் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணினேன். முதல் ஆண்டு நூற்றுக்குப் பதினொன்று. இரண்டாம் ஆண்டு நூற்றுக்கு நான்கு. நடுவில் நாங்கள் மாற்றியது ஒன்றே ஒன்று. காலை 10 மணிக்கு ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசரோடு நின்றபடியே ஐந்து நிமிடம் பேசி, சீக்கிரம் வரப்போகிறவர்களின் அறைகளை முதலில் சுத்தம் செய்யும் வரிசையில் போட்டோம். இதைச் சொன்னால் குளியலறைக் கேள்விக்கு இடமே இல்லை, ஏனென்றால் வரவேற்பறையில் காத்திருந்தவர் குளியலறையைப் பார்த்திருக்கவே மாட்டார்.

விமர்சனம் வாங்குவதற்காக நல்லபடியாகப் போகிறவர்களிடம் மட்டும் கேட்பது, தள்ளுபடி தருவதாகச் சொல்வது இதெல்லாம் சில இடங்களில் நடக்கிறது. அனுபவமுள்ளவர்கள் விமர்சனங்கள் வந்த தேதிகளைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவார்கள்.

குழு அளவுதான் எனக்கு மிகவும் வலித்த இடம். 14 பேர் என்று பெருமையாக எழுதியிருந்தேன். அதில் பெல் டெஸ்க் நால்வர், ஓட்டுநர் இருவர், பயிற்சிக்கு வந்த மாணவர் ஒருவர். மீதி ஏழு பேர்தான் கவுன்ட்டர். நேர்காணல் எடுத்தவர் அதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தார், எப்படியென்றால் கணக்குப் போட்டு. ஒரு நாற்காலியில் 24 மணி நேரமும் ஆள் இருக்க வேண்டுமென்றால் வாரத்துக்கு 21 ஷிஃப்ட். ஒருவர் வாரம் 6 ஷிஃப்ட் பார்த்தால் மூன்றரை ஆள், விடுப்பையும் சேர்த்தால் நான்கு. "14 பேர் வச்சிருந்தா உங்க கவுன்ட்டர்ல எந்நேரமும் மூணு பேர் நிக்கணுமே, 60 ரூமுக்கு எதுக்கு மூணு பேர்?" என்றார். ஏழு பேரை ஏழு என்றே எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. ஏழு பேரை வைத்துக்கொண்டு மூன்று ஷிஃப்ட் ஓட்டி, பகலில் இரண்டு பேர், இரவு ஆடிட் பார்க்க ஒருவர் என்று நிறுத்தியிருந்தேன். அது கெட்டிக்காரத்தனம், அதைப் போய் 14-க்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

பெரிய ஓட்டலில் தலை எண்ணிக்கையைவிட அடுக்குதான் முக்கியம். அங்கே ஃப்ரண்ட் ஆபீஸ் மேனேஜருக்குக் கீழே அசிஸ்டென்ட், டூட்டி மேனேஜர்கள், டீம் லீடர்கள் என்று வரிசை இருக்கும். அவர் கவுன்ட்டரில் நிற்கும் நேரம் குறைவு, மற்றவர்கள் வழியாக வேலை வாங்கும் நேரம் அதிகம். ஆகவே கேட்பதெல்லாம் இப்படி இருக்கும். நேரடியாக உங்களிடம் ரிப்போர்ட் செய்தவர் எத்தனை பேர், டியூட்டி ரோஸ்டர் போட்டது நீங்களா சூப்பர்வைசரா, ஆண்டு மதிப்பீடு யார் எழுதியது, ஓராண்டில் எத்தனை பேர் விட்டுப் போனார்கள், உங்களிடம் வேலை கற்று மேலே போனவர் யாராவது உண்டா. என் ஏழு பேரில் இரண்டு பேரை ஷிஃப்ட் பொறுப்பாளர்களாக்கி, ரோஸ்டரை அவர்களிடமே விட்டிருந்தேன். ஒருவர் வேறிடத்தில் சூப்பர்வைசராகப் போனார். இந்த இரண்டு வரியும் பழைய ரெஸ்யூமேயில் இல்லவே இல்லை.

இந்த மூன்றையும் தாண்டி, பெரிய இடத்துக்காரர்கள் மனதில் ஓடும் எண் ஒன்று உண்டு, அதை யாரும் கேட்பதில்லை, அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். ஒரு நாளைக்கு எத்தனை செக்-இன். 60 அறையில் 80 சதவீதம் என்றால் 48 அறை. ஒருவர் சராசரியாக இரண்டு இரவு தங்கினால் நாளுக்கு 24 பேர் வருகிறார்கள், 24 பேர் போகிறார்கள். 300 அறையில் அதே 80 சதவீதம், அதே இரண்டு இரவு என்றால் 120 வருகை, 120 புறப்பாடு. சதவீதம் ஒன்றுதான், வேலை ஐந்து மடங்கு. அதிலும் பாதிப் பேர் மதியம் 2 மணியிலிருந்து 5 மணிக்குள் வந்து நிற்பார்கள். இந்த வித்தியாசத்தை 91 சதவீதம் என்று எழுதி மூடிவிட முடியாது. மூடப் பார்க்கவும் கூடாது. நாமே முதலில் சொல்லிவிட்டு, நாம் பார்த்ததிலேயே நெருக்கடியான நாளை எடுத்துக் காட்ட வேண்டும்.

என்னிடம் அப்படி ஒரு நாள் இருந்தது. ஒரு மாநாட்டுக் குழு, 60-இல் 52 அறை, இரண்டு பேருந்தில் ஒரே நேரத்தில் வந்து இறங்கினார்கள். பெயர்ப் பட்டியலை முந்தின நாளே வாங்கி, அறை ஒதுக்கி, பதிவுப் படிவத்தையும் சாவி அட்டையையும் உறையில் போட்டு, எழுத்து வரிசையில் தனி மேசையில் அடுக்கி வைத்தோம். அவர்களைக் கவுன்ட்டர் பக்கமே விடவில்லை, அது மற்ற விருந்தினருக்கு. ஆறு அறை தயாராகவில்லை, அந்த ஆறு உறைகளை மட்டும் கீழே தனியாக வைத்து, அவர்களை நேரே சாப்பாட்டுக்கு அனுப்பினோம். முக்கால் மணி நேரத்தில் வரவேற்பறை காலி. 300 அறை ஓட்டலில் இது வாரத்துக்கு இரண்டு முறை நடக்கும் சாதாரணக் காரியம். ஆனாலும் இந்த நாளை விவரித்தபோதுதான் எதிரில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

பிறகு ரெஸ்யூமேயை மாற்றி எழுதினேன். முதல் வரி அறை எண்ணிக்கை, சராசரித் தங்கல், நாளுக்கு எத்தனை வருகை, உச்ச நாளில் எத்தனை. அடுத்து, காசு கொடுத்த அறைகளின் ஆக்குபன்சி 81, முந்தைய ஆண்டு 76, பக்கத்திலேயே கணக்கிட்ட முறை ஒரு வரியில். ஃபுல் இரவுகளில் காலி அறை மூன்றிலிருந்து ஒன்று. விமர்சனங்களில் செக்-இன் குறை நூற்றுக்குப் பதினொன்றிலிருந்து நான்கு. கவுன்ட்டர் குழு ஏழு, அதில் இரண்டு ஷிஃப்ட் பொறுப்பாளர்கள், பெல் டெஸ்க்கும் வண்டிகளும் கூடுதல் மேற்பார்வை. பார்வைக்குப் பழையதைவிடச் சின்ன எண்கள். கூப்பிட்டவர்கள் அதிகமானார்கள்.

60-லிருந்து நேரே 300-க்குத் தாவும் ஆசையையும் கொஞ்சம் தளர்த்தினேன். இரண்டு வழி இருந்தது. 120, 150 அறை உள்ள இடத்தில் இதே பதவி, அல்லது பெரிய இடத்தில் ஒரு படி இறங்கி அசிஸ்டென்ட். பெயர்ப்பலகையில் பதவி குறைகிறதே என்று முதலில் உறுத்தியது. ஆனால் அடுக்குள்ள குழுவை நடத்திப் பார்க்காமல் அந்தப் பதவிக்குப் போய்த் திணறுவதைவிட இது மேல் என்று பட்டது. 280 அறை ஓட்டலில் அசிஸ்டென்டாகச் சேர்ந்தேன், சம்பளம் ஏறக்குறைய முன்பு வாங்கியதுதான். வேறொருவருக்கு முதல் வழி பொருந்தலாம், குறிப்பாக தனியாக முடிவெடுத்துப் பழகியவர்களுக்கு.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. எண்ணுக்கு ஆதாரம் வேண்டும் என்று பதறி, வேலையை விடுமுன் ரிப்போர்ட்டுகளைச் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். வருகைப் பட்டியலில் விருந்தினர் பெயரும் போன் எண்ணும் இருக்கும், சந்தை ஒப்பீட்டு அறிக்கையில் போட்டி ஓட்டல்களின் கணக்கு மறைந்திருக்கும், இரண்டுமே வெளியே போகக் கூடாதவை. நேர்காணலில் சராசரி அறை வாடகையைக் கேட்டால்கூட, "அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல, முந்தைய ஆண்டைவிட ஏறியதா இறங்கியதான்னு சொல்றேன்" என்று சொல்லலாம், அதை யாரும் தப்பாக எடுத்ததில்லை. நான் இப்போது செய்வது, மாதக் கடைசியில் ஒரு சின்ன நோட்டில் ஐந்தாறு எண்ணை மட்டும் கையால் எழுதிவைப்பது. காசு கொடுத்த அறைகள், மூடிக் கிடந்தவை, வருகை, ஃபுல் இரவில் காலியாக விடிந்தவை, செக்-இன் குறை சொன்ன விமர்சனங்கள், யார் சேர்ந்தார்கள் யார் போனார்கள். யாருடைய பெயரும் தொகையும் அதில் இருக்காது.